அறிமுகம் வேண்டும் மின்னஞ்சல்

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, கருத்துகளைப் புரிந்து கொள்க.

கிள்ளான் மாவட்டத்தில் உள்ள மேருவில் ஒரு குடும்பம் பழைய தொடர்வீடு ஒன்றை வாங்குகிறது. சில மாதங்களுக்குப் பிறகு உறவினர் ஒருவர், “யார் மூலமாக வாங்கினீர்கள்?” என்று கேட்கிறார். குடும்பத்தார் முகவரின் பெயரைச் சொல்கிறார்கள். வீடு விற்பனை முகவருக்குப் புதிய வாடிக்கையாளர் கிடைக்கும் வழிகளுள் இந்த அறிமுகமும் ஒன்று. அதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல், மனநிறைவடைந்த வாடிக்கையாளரிடம் முகவரே எழுதிக் கேட்பதும் உண்டு. அவ்வாறு எழுதுவதே அறிமுகம் வேண்டும் மின்னஞ்சல்.

இதைக் கவனமாக எழுத வேண்டும். ஒருவரை அறிமுகம் செய்பவர் தம் நற்பெயரையும் சேர்த்தே கொடுக்கிறார். முகவர் பின்னாளில் சரியாக நடந்து கொள்ளாவிட்டால், உறவினர் குறைசொல்வது முகவரை மட்டுமன்று. அவரை அறிமுகம் செய்தவரையும்தான். எனவே, ‘முடியாது’ என்று மனவருத்தமின்றிச் சொல்வதற்கு வாடிக்கையாளருக்கு வழி இருக்க வேண்டும்.

எப்பொழுது எழுதுவது?

வீடு வாங்குவது ஒரே நாளில் முடியும் செயலன்று. முன்பணம் கட்டுதல், வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தல், விற்பனை கொள்முதல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுதல் எனப் பல படிகள் உள்ளன. ஒப்பந்தத்திற்குப் பிறகும், மீதிப் பணம் செலுத்தப்பட்டுச் சாவி கைக்கு வரப் பொதுவாக 3 மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகும்.

இக்காலத்தில் வாடிக்கையாளர் முகவரின் உதவியை எதிர்பார்த்திருக்கிறார். அப்பொழுது அறிமுகம் கேட்டால், “கொடுக்காவிட்டால் நம் வேலை தாமதமாகுமோ?” என்ற எண்ணம் அவருக்கு எழலாம். எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது நெருக்குதலாகிவிடும். ஆகவே, சாவி கைமாறி, மின்சாரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் புதிய பெயருக்கு மாறிய பிறகு எழுதுவதே முறை. கூரை ஒழுகுகிறது என்பது போன்ற முறையீடு ஏதும் தீராமல் இருந்தால், முதலில் அதற்குத் தீர்வு காண உதவ வேண்டும்.

மாதிரி மின்னஞ்சல்

பொருள்: மேரு வீடு – நன்றியும் ஒரு சிறு வேண்டுகோளும்

அன்புமிகு ஐயா, அம்மா,

வணக்கம். தாங்கள் புது வீட்டிற்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. தண்ணீர்க் கணக்கின் பெயர் மாற்றமும் முடிந்துவிட்டது என்று தாங்கள் சொன்னதில் மகிழ்ச்சி. வங்கிக் கடன் தாமதமான நாள்களில் தாங்கள் காட்டிய பொறுமைக்கு என் நன்றி.

கிள்ளான் வட்டாரத்தில் வீடு வாங்கவோ விற்கவோ எண்ணுபவர் எவராவது தங்களிடம் யோசனை கேட்டால், என் சேவை அவருக்குப் பயன்படும் என்று தாங்கள் கருதினால், கீழே உள்ள என் எண்ணை அவரிடம் கொடுக்கலாம். அவருடைய பெயரையோ எண்ணையோ எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. என்னிடம் பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அப்படி எவரும் நினைவுக்கு வராவிட்டால் இதற்குப் பதில் எழுதத் தேவையில்லை. இத்தகைய மின்னஞ்சல் இனி வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன். எதுவாயினும், வீடு தொடர்பாக ஐயம் எழுந்தால் வழக்கம்போல் என்னை அழைக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
(முகவரின் பெயர், நிறுவனம், பதிவு எண், தொலைபேசி எண்)

மின்னஞ்சலைப் பற்றிய விளக்கம்

முதல் பத்தி அந்தக் குடும்பத்திற்கு மட்டுமே பொருந்தும். தண்ணீர்க் கணக்கும் வங்கிக் கடன் தாமதமும் வேறொருவருக்குப் பொருந்தா. ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்பவில்லை என்பது இதனால் விளங்கும். பலரின் முகவரிகளை ஒரே மின்னஞ்சலில் இட்டு அனுப்பினால், ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

இரண்டாம் பத்தியில் வேண்டுகோள் உள்ளது. முகவர் நண்பரின் எண்ணைக் கேட்கவில்லை. தம் எண்ணையே கொடுக்கிறார். இந்த வேறுபாடு முக்கியமானது. நண்பர் தம் எண்ணை முகவருக்குத் தர இசையவில்லை. அவருக்குச் செய்தியே தெரியாது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத்திற்காகப் பிறருடைய விவரங்களைப் பயன்படுத்துவதில் அவருடைய இசைவை வலியுறுத்துகிறது. விளம்பரத்திற்காகத் தம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என எழுத்து வழி கேட்கும் உரிமையையும் அச்சட்டம் தருகிறது. மூன்றாம் பத்தியின் ‘நிறுத்திவிடுகிறேன்’ என்ற சொல் அவ்வுரிமையை மதிக்கிறது.

பதிவு எண்ணை எழுதுவதற்கும் காரணம் உண்டு. மலேசியாவில் வீடு விற்பனையில் ஈடுபடும் முகவர்களும் அவர்களின்கீழ்ப் பணிபுரிவோரும் அதற்குரிய வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எண் இருந்தால், நண்பர் பேசுவதற்கு முன்பே அதைச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

நெருக்குதல் மறைந்திருக்கும் தொடர்கள்

பணிவான சொற்களுக்குள்ளும் நெருக்குதல் ஒளிந்திருக்கலாம். பின்வரும் மூன்று தொடர்களைக் காண்க.

1. “தாங்கள் மறுக்கமாட்டீர்கள் என்ற முழு நம்பிக்கை எனக்கு உண்டு.”
இதில் ‘தாங்கள்’ என்ற மரியாதைச் சொல் இருக்கிறது. ஆனால், மறுக்கும் வழி அடைக்கப்பட்டுவிட்டது.

2. “தங்களுக்காக நான் அலைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.”
இது நன்றியைக் கடனாக மாற்றுகிறது. முகவரின் உழைப்பிற்கு உரிய தரகுப்பணம் முன்பே கிடைத்துவிட்டது. வாடிக்கையாளர் அவருக்குக் கடன்பட்டவர் அல்லர்.

3. “இந்த வாரத்திற்குள் மூன்று நண்பர்களின் எண்களை அனுப்புங்கள்.”
இதில் காலக்கெடு, எண்ணிக்கை, ஏவல் ஆகிய மூன்றும் உள்ளன. வீட்டுப்பாடம் கொடுப்பது போல் இருக்கிறது.

மாதிரி மின்னஞ்சலின் வினைகளை இவற்றோடு ஒப்பிடுக. ‘கேட்டால்’, ‘கருதினால்’ என்ற நிபந்தனை எச்சங்கள் முடிவை வாடிக்கையாளரிடம் விடுகின்றன. ‘கொடுக்கலாம்’ என்பது இசைவைக் காட்டுகிறது. ‘வேண்டியதில்லை’, ‘தேவையில்லை’ என்பவை சுமையைக் குறைக்கின்றன. ‘எழுதுங்கள்’ என்ற ஏவல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் வாடிக்கையாளர் விலகிக் கொள்வதற்காகவே.

அனுப்பிய பிறகு

பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்பக்கூடாது. ‘பதில் தேவையில்லை’ என்று எழுதியவர், புலனத்தில் “மின்னஞ்சலைப் பார்த்தீர்களா?” என்று கேட்டால், எழுதியது பொய்யாகிவிடும். எவரேனும் அறிமுகமாகி அழைத்தால், அறிமுகம் செய்தவருக்கு நன்றி கூறலாம். ஆனால், அந்த நண்பரின் பண நிலையையோ கடன் விவரத்தையோ அவரிடம் பகிரக்கூடாது. அது நண்பருக்கும் முகவருக்கும் இடையிலான செய்தி.

கருத்துணர் கேள்விகள்

1. சாவி கைமாறுவதற்கு முன் அறிமுகம் கேட்பது ஏன் நெருக்குதலாகும்?
2. முகவர் நண்பரின் எண்ணைக் கேட்காமல் தம் எண்ணைக் கொடுப்பதற்கான காரணத்தை விளக்குக.
3. “தங்கள் உறவினர்களிடம் கட்டாயம் என்னைப் பற்றிச் சொல்லுங்கள்.” இத்தொடரை நெருக்குதலின்றி மாற்றி எழுதுக.
4. தையல் கடை நடத்தும் ஒருவர், திருமண உடை தைத்துக் கொடுத்த வாடிக்கையாளரிடம் அறிமுகம் வேண்டி எழுதும் மின்னஞ்சலை 80 சொற்களில் எழுதுக.