ஒரே எண்ணில் ஓர் உலகம்: கேம்களில் 'சீட்' எப்படி வேலை செய்கிறது?

தென்காசியில் எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். கோடை விடுமுறை முழுவதும் மைன்கிராஃப்ட் கேமில் ஓர் ஊரைக் கட்டினான். மலை அடிவாரம், அதன் முன்னால் குளிக்கப் படிக்கட்டு, பக்கத்தில் வரிசையாகக் கடைகள். பார்த்தவர்கள் எல்லாம் "குற்றாலம் மாதிரியே இருக்கே!" என்றார்கள்.

சாரல் சீசன் தொடங்கிய நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. புது டிஸ்க் போட்டு விண்டோஸை மறுபடி பதிந்தார்கள். பையன் கவலைப்படவே இல்லை. "சீட் நம்பரை நோட்டில் எழுதி வச்சிருக்கேன் மாமா. அதைப் போட்டா எல்லாம் திரும்ப வந்திரும்" என்றான். எண்ணைப் போட்டான். மலை இருந்த இடத்தில் கடல்தான் இருந்தது.

எண்ணில் தப்பில்லை. பிறகு எங்கே தப்பு? அதைக் கண்டுபிடிக்க, ஒரே ஒரு எண்ணிலிருந்து ஓர் உலகம் எப்படி முளைக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சேமித்து வைத்த வரைபடம் இல்லை

மைன்கிராஃப்ட் போன்ற கேம்களின் சிடியிலோ டவுன்லோட் ஃபைலிலோ மலைகளும் ஆறுகளும் வரைந்து வைக்கப்பட்டிருக்காது. அங்கே இருப்பது ஒரு கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கின் தொடக்க எண்ணுக்குத்தான் சீட், அதாவது விதை என்று பெயர். அதே விதையை அதே கணக்கில் போட்டால் அதே உலகம் வரும். வேறு விதை போட்டால் வேறு உலகம். விதைக்குள் உலகம் ஒளிந்திருக்கவில்லை. கணக்கைப் போடும்போதுதான் உலகம் உண்டாகிறது.

இதை நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். எக்செல் இருந்தால் போதும்.

எக்செலில் ஒரு குட்டி உலகம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையோரமாக எட்டு மனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மனையிலும் என்ன இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்யட்டும். A1 செல்லில் 17 என்று டைப் செய்யுங்கள். இதுதான் நம் விதை. பிறகு A2, B2 செல்களில் இந்த ஃபார்முலாக்களைக் கொடுங்கள்.

```
A2:  =MOD(A1*21+7,100)
B2:  =INT(A2/10)
```

முதல் ஃபார்முலா என்ன செய்கிறது? முந்தைய எண்ணை 21-ஆல் பெருக்கி, 7-ஐக் கூட்டி, வரும் விடையின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்கிறது. 17-ஐ 21-ஆல் பெருக்கினால் 357. ஏழைக் கூட்டினால் 364. எனவே A2-வில் 64. இரண்டாவது ஃபார்முலா அதன் பத்தாம் இடத்து இலக்கமான 6-ஐ எடுத்துத் தருகிறது.

இரண்டு செல்களையும் தேர்வு செய்து 9-ஆவது வரிசை வரை இழுத்து விடுங்கள். A பத்தியில் 64, 51, 78, 45, 52, 99, 86, 13 என்று வரும். B பத்தியில் 6, 5, 7, 4, 5, 9, 8, 1.

இப்போது ஒரு விதி வைப்போம். 0 முதல் 3 வரை வந்தால் வயல். 4 முதல் 6 வரை தென்னந்தோப்பு. 7, 8 வந்தால் குன்று. 9 வந்தால் அருவி. அப்படியானால் நம் சாலையோரம் இப்படி இருக்கும்: தோப்பு, தோப்பு, குன்று, தோப்பு, தோப்பு, அருவி, குன்று, வயல்.

A1-ல் 17-ஐ அழித்துவிட்டு 18 என்று கொடுங்கள். உலகமே மாறிவிடும்: குன்று, அருவி, வயல், வயல், தோப்பு, வயல், வயல், குன்று. மறுபடி 17 போட்டால் பழைய ஊர் அப்படியே திரும்பி வரும். எக்செலின் RAND() ஃபங்ஷனில் இது நடக்காது. F9 அழுத்தும்போதெல்லாம் அது வேறு எண்ணைத் தரும். நமக்கு விதையைக் கொடுக்க அதில் இடமே இல்லை.

இந்த உத்தி புதிதல்ல. 1984-ல் இங்கிலாந்தில் டேவிட் பிராபென், இயன் பெல் இருவரும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எலைட் என்ற விண்வெளி கேமை எழுதினார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் ராம் வெறும் 32 கேபி. ஆனால் கேமில் 8 அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். கிரகங்களின் பெயர், இடம், தொழில் எல்லாவற்றையும் சேமிக்க இடமில்லாததால், விதையிலிருந்து தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொண்டார்கள்.

கடைசி இலக்கத்தை நம்பாதீர்கள்

நாம் ஏன் பத்தாம் இடத்து இலக்கத்தை எடுத்தோம்? ஒன்றாம் இடத்து இலக்கத்தை எடுத்தால் என்ன? A பத்தியை இன்னொரு முறை பாருங்கள். கடைசி இலக்கங்கள் 4, 1, 8, 5, 2, 9, 6, 3. ஒவ்வொரு முறையும் ஏழு கூடிக்கொண்டே போகிறது. இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்றும் மாறி மாறி வருகிறது. "இரட்டை எண் வந்தால் மரம்" என்று விதி வைத்திருந்தால், ஒன்று விட்டு ஒரு மனையில் மரம் நிற்கும். பார்த்த உடனேயே இது செயற்கை என்று தெரிந்துவிடும்.

பெரிய கணக்கிலும் இந்தக் குறை உண்டு. ஜாவா மொழியின் Random இதே வகைக் கணக்குதான். அது 25214903917-ஆல் பெருக்கி, 11-ஐக் கூட்டி, 48 பிட்களை வைத்துக்கொள்கிறது. ஆனால் விடை தரும்போது கடைசி 16 பிட்களையாவது வெட்டிவிட்டு மேல்பக்கத்தை மட்டுமே தரும். நாம் செய்ததும் அதுதான்.

தோப்புக்கு நடுவே அருவி வரலாமா?

நம் உலகத்தில் இன்னொரு கோளாறு இருக்கிறது. தென்னந்தோப்புக்குப் பக்கத்து மனையில் திடீரென்று அருவி. நிஜத்தில் அப்படி இல்லை. குற்றாலம் பேரருவியில் சிற்றாறு மேலேயிருந்து பொங்குமாங்கடலில் விழுந்து, அது நிறைந்து கீழே பாய்கிறது. மலை இருப்பதால்தான் அருவி இருக்கிறது.

எனவே கேம் எழுதுபவர்கள் அருவியைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதில்லை. நிலத்தின் உயரத்தை மட்டும் விதையிலிருந்து எடுக்கிறார்கள். அதுவும் எல்லா மனைக்கும் அல்ல. நான்கு மனைக்கு ஒரு முறை. இடையில் உள்ளவற்றைச் சரிவாக நிரப்புகிறார்கள். உதாரணமாக, நம் வரிசையில் 52-க்குப் பிறகு 99 வருகிறது. இவற்றை நான்கு மனை தள்ளித் தள்ளி வைத்தால் நடுவே ஏறத்தாழ 64, 76, 87 என்று உயரங்கள் வரும். இப்போது இது ஒரு மலைச்சரிவு. பக்கத்து மனைகளுக்கு இடையே பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்து, அங்கே ஆறும் ஓடினால், அதை அருவியாக வரைந்துவிடலாம்.

இந்த நிரப்பும் வேலையை இன்னும் வழவழப்பாகச் செய்யும் முறையை 1980-களில் கென் பெர்லின் உருவாக்கினார். அவர் பெயராலேயே அது பெர்லின் நாய்ஸ் எனப்படுகிறது. 1997-ல் அதற்காக அவருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

ஆயிரமாவது மனைக்கு நேராகப் போவது எப்படி?

நம் எக்செலில் ஆயிரமாவது மனையைப் பார்க்க முந்தைய 999-ஐயும் கணக்கிட வேண்டும். கேமில் நீங்கள் எந்தப் பக்கம் நடப்பீர்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விதையோடு அந்த இடத்தின் எண்ணையும் சேர்த்துக் கலக்கி, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு தனி விதை செய்துகொள்கிறார்கள். மைன்கிராஃப்ட் நிலத்தை 16-க்கு 16 கட்டங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, நீங்கள் நெருங்கும்போதுதான் ஒவ்வொன்றையும் உண்டாக்குகிறது.

இரண்டையும் வெறுமனே கூட்டினால் போதுமா? போதாது. 17-உம் 5-உம் கூட்டினால் 22. 18-உம் 4-உம் கூட்டினாலும் 22. அதாவது 18-ஆம் உலகம் என்பது 17-ஆம் உலகத்தையே ஒரு மனை தள்ளி வைத்ததாக ஆகிவிடும். எனவே இட எண்ணைப் பெரிய எண்களால் பெருக்கிய பிறகே விதையோடு கலப்பார்கள்.

சீட் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் பெயரும் கொடுக்கலாம். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு எழுத்துகளை ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். `Tenkasi` என்று கொடுத்தால் 237313961. `tenkasi` என்று சின்ன எழுத்தில் கொடுத்தால் -1427339319. ஓர் எழுத்து மாறினாலும் வேறு உலகம்தான். எனவே கேமில் `/seed` என்று டைப் செய்து, வரும் எண்ணையே எழுதி வைப்பது நல்லது.

பையனின் மலை எங்கே போனது?

இப்போது நம் பையனுக்கு வருவோம். அவன் முதலில் விளையாடியது 1.17 பதிப்பில். மறுபடி பதிந்தபோது கேமின் புதிய பதிப்பு வந்துவிட்டது. விதை அதே. கணக்கு மாறிவிட்டது.

சின்ன மாற்றம்கூட என்ன செய்யும் என்று நம் எக்செலிலேயே பாருங்கள். ஒவ்வொரு மனைக்கும் ஒரு மாமரம் வேண்டுமா என்று முடிவு செய்ய இன்னொரு எண் எடுப்பதாக வையுங்கள். 64 முதல் மனைக்கு, 51 அதன் மாமரத்துக்கு. 78 இரண்டாம் மனைக்கு, 45 மாமரத்துக்கு. 52 மூன்றாம் மனைக்கு. அருவியாக வந்த 99 மூன்றாம் மனையின் மாமரத்துக்குப் போய்விட்டது! மைன்கிராஃப்டில் நடந்தது இதைவிடப் பெரியது. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பில் நிலம் உண்டாகும் முறையே மாற்றப்பட்டது. உலகத்தின் அடிமட்டம் 0-விலிருந்து -64-க்கு இறங்கியது. உச்சி 256-லிருந்து 320-க்கு ஏறியது.

மைன்கிராஃப்ட் லாஞ்சரில் Installations பக்கம் போய், New installation கிளிக் செய்து, Version பட்டியலில் 1.17.1-ஐத் தேர்வு செய்தோம். அதே எண்ணைக் கொடுத்தோம். மலை வந்தது! பையன் குதித்தான். ஆனால் அடிவாரத்துக்குப் போய்ப் பார்த்தால் படிக்கட்டும் இல்லை, கடையும் இல்லை. வெறும் புல்தரை.

அவை வராது. படிக்கட்டு விதையிலிருந்து முளைத்ததல்ல. அவன் கையால் வைத்தது. அதைக் கணக்கால் திரும்ப உண்டாக்க முடியாது. அது சேவ் ஃபைலில் மட்டுமே இருந்தது. அந்த ஃபைல் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது.

உங்கள் வீட்டில் இப்படி ஆகாமல் இருக்க, கேமை மூடிவிட்டு விண்டோஸ் கீயையும் R கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

```
%appdata%\.minecraft\saves
```

ஒவ்வோர் உலகமும் அதன் பெயரில் ஒரு ஃபோல்டராக இருக்கும். அதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். கூடவே சீட் எண்ணையும் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பையன் இப்போது நோட்டில் இரண்டையும் எழுதியிருக்கிறான். படிக்கட்டை மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டான். ஞாயிறுதோறும் காப்பி எடுப்பது அவன் தங்கையின் பொறுப்பு.