கோல் முன்னாலேயே பேச வேண்டும்

குரோம்பேட்டை
நவம்பர் 12

அன்பு மருமகனே,

இந்த வருஷம் கேரல் ஆராதனைக்குக் கொயரை நீதான் நடத்தப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். நோட்ஸ் வாசிக்க உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பேட்டனைக் கையில் எடுத்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாயாம். அதை மட்டும் எழுதுகிறேன்.

நீ சின்ன வயசில் பாட்டு கிளாசில் தாளம் போட்டுப் பழகியவன். ஆதி தாளத்தில் தட்டு விழும் அதே நொடியில் ஸ்வரமும் விழும். தட்டுகிறவனும் பாடுகிறவனும் ஒருவனே என்பதால் அது சரியாக வரும். கொயரில் பாடுகிறவர்கள் முப்பது பேர், காட்டுகிறவன் நீ ஒருவன், உன் கோலுக்குச் சத்தமும் கிடையாது. கை கீழே வந்து சேர்ந்த பிறகுதான் அவர்களுக்கு பீட் தெரியும் என்றால், அவர்கள் வாய் திறப்பதற்குள் அந்த பீட் போய்விட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு பீட்டையும் அது வருமுன்பே கோல் சொல்லியாக வேண்டும். பிரான்ஸில் லுல்லி என்ற இசையமைப்பாளர் நீண்ட தடியால் தரையில் இடித்துத் தாளம் காட்டினார். ஒருமுறை அது காலில் பட்டுப் புண்ணாகி, 1687இல் இறந்தே போனார். சத்தமில்லாத கோலுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் சத்தம் செய்த வேலையை அசைவு செய்ய வேண்டும்.

இப்போது அசைவுக்கு வருகிறேன். வலது கையில் கோலைப் பிடி, உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். இரண்டு பீட்டுக்கு: ஒன்று நேராகக் கீழே வந்து சற்று வலப்புறம் எழும்பும், இரண்டு அங்கேயே தொட்டு மேலே போகும். மூன்றுக்கு: கீழே, வலப்புறம், மேலே. நான்குக்கு: கீழே, நெஞ்சுக்குக் குறுக்கே இடப்புறம், வலப்புறம், மேலே. மூன்று வகையிலும் முதல் பீட் கீழே, கடைசி பீட் மேலே. நடுவில் எங்கே தொலைந்தாலும் கை விழுவதைப் பார்த்து 'ஒன்று' எது என்று பாடுகிறவர் கண்டுபிடித்துக்கொள்வார்.

இதில் கெடுவது ஒரே இடம்தான். ரப்பர் பந்து தரையைத் தொட்டு எழும்புவதுபோல் ஒவ்வொரு பீட்டிலும் கோல்நுனி ஓரிடத்தைத் தொட்டுத் துள்ள வேண்டும். அந்தத் தொடும் புள்ளிதான் பீட். புள்ளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில், வயிற்றுக்குச் சற்று மேலே இருக்கட்டும். துள்ளாமல் காற்றில் வட்டம் போட்டால் எந்த நொடியில் பாடுவது என்று யாருக்கும் தெரியாது. முதல் பீட்டுக்குப் பிறகு கை அதிக உயரம் துள்ளினாலும் தொல்லைதான். அது கடைசி பீட் மாதிரி தெரியும். இரண்டு பீட் பாட்டில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

அடுத்தது தொடக்கம். பாட்டு எந்த பீட்டில் ஆரம்பிக்கிறதோ அதற்கு முந்திய ஒரே ஒரு பீட்டை நீ காட்ட வேண்டும்; அதுதான் தயாரிப்பு அசைவு. அதற்குள் மூன்று செய்தி இருக்கிறது: எப்போது மூச்சு எடுப்பது, என்ன வேகம், மெதுவாகவா உரக்கவா. நிமிடத்துக்கு 100 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு 0.6 நொடி. உன் தயாரிப்பு அசைவும் சரியாக அந்த 0.6 நொடிதான் எடுக்க வேண்டும். அதை அவசரமாகக் காட்டிவிட்டு முதல் பீட்டை நிதானமாக வைத்தால், பாதிப்பேர் ஒரு வேகத்திலும் பாதிப்பேர் வேறு வேகத்திலும் நுழைவார்கள். கோலை உயர்த்துமுன் பாட்டின் நடுவிலிருந்து நோட்ஸ் நெருக்கமாக உள்ள ஒரு வரியை மனசுக்குள் பாடிப் பார். சரியான வேகம் அங்கேதான் கிடைக்கும். தயாரிப்பு அசைவோடு நீயும் வாயால் மூச்சு எடு. கொயர் உன்னோடு சேர்ந்து எடுக்கும்.

உன் பட்டியலில் இருக்கிற பாட்டுகளையே பார்ப்போம். 'ஜாய் டு த வேர்ல்ட்' இரண்டு பீட், முதல் சொல்லே முதல் பீட்டில். எனவே தயாரிப்பு இரண்டாவது பீட்: மேலே போகும் அசைவு, மூச்சு, கீழே இறங்கும்போது பாட்டு. 'ஹார்க் த ஹெரல்ட்' நான்கு பீட், அதுவும் முதல் பீட்டில் தொடங்குவதால் நான்காவதைக் காட்டு. சிக்கல் 'த ஃபர்ஸ்ட் நோயல்' பாட்டில்தான். அது மூன்று பீட், ஆனால் 'த' என்ற சொல் மூன்றாவது பீட்டில் இரண்டு அரை பீட் நோட்டாக வருகிறது. 'ஃபர்ஸ்ட்'தான் அடுத்த பாரின் முதல் பீட். நம் சங்கீதத்தில் அதீத எடுப்பு என்பார்களே, சமத்துக்கு முன்பே பாட்டு தொடங்குவது, அதே கதை. இங்கே நீ காட்ட வேண்டியது இரண்டாவது பீட். கை வலப்புறம் போகும்போது மூச்சு, மேலே எழும்போது 'த', கீழே விழும்போது 'ஃபர்ஸ்ட்'. பழக்கதோஷத்தில் கையைக் கீழே இறக்கித் தொடங்கினாயோ, முன்வரிசை 'த' என்பதையே முதல் பீட்டில் வைத்துவிடும், பாட்டு முழுக்க ஒரு பீட் தள்ளி நிற்கும்.

கொயர் இழுத்தால் பலரும் கையைப் பெரிதாக வீசுவார்கள். அது இன்னும் இழுக்கும், ஏனென்றால் பெரிய தூரத்தைக் கடக்கக் கைக்கு நேரம் ஆகிறது. சின்னதாக, மணிக்கட்டிலிருந்து, நுனி தெளிவாகத் துள்ளும்படி காட்டு. பெரிய அசைவைச் சத்தம் வேண்டிய இடத்துக்கு வைத்துக்கொள்.

இடது கை வலது கையைக் கண்ணாடிபோல் காப்பியடிக்க வேண்டாம். அதை நுழைவுகளுக்கு வை. இரண்டாம் சரணத்தை ஆண்கள் மட்டும் பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்: ஒரு பார் முன்பே டெனரையும் பாஸையும் பார், ஒரு பீட் முன்னால் இடது கையை அவர்கள் பக்கம் மூச்சோடு உயர்த்து, நுழைகிற பீட்டில் கொடு. பார்வை இல்லாமல் கை மட்டும் நீட்டினால் யாரைச் சொல்கிறாய் என்று தெரியாது.

கோலால் ஆகாத ஒன்றும் உண்டு. கீபோர்டில் ரிதம் போட்டுவிட்டால் வேகத்தை வைப்பது அந்த மெஷின்தான், நீ அதன் பின்னால் ஓடுவாய். இந்தப் பாட்டுகளுக்காவது ரிதத்தை அணைக்கச் சொல்.

பயிற்சியில் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்தையும் விடு. நம் தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது உன் 'ஒன் டூ த்ரீ' யாருக்கும் கேட்காது, கேரல் ரவுண்ட்ஸில் தெருவில் நிற்கும்போதும் கேட்காது.

இந்தச் சனிக்கிழமை கொயரின் பின்னாலிருந்து உன்னை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல். வீட்டில் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிடு. பாட்டே தெரியாத உன் தங்கை அதைப் பார்த்து முதல் பீட் எது, எந்த நொடியில் பாட்டு தொடங்கியது என்று சொல்லிவிட்டால் உன் கை சரி. அவளால் முடியாவிட்டால் 'ஃபர்ஸ்ட் நோயல்' தொடக்கத்தை மட்டும் அடுத்த பயிற்சி வரை தினமும் பழகு; மற்றவை தாமாக வரும்.

உன் மாமா