பாட்டிலின் அடியில் பொறித்த 304

பெயர் தெரியாத ஸ்டீல் பாட்டில் கைக்கு வந்தால் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். அண்மையில் ஒரு கல்யாணத்தில் கொடுத்த பாட்டிலின் அடியில் ‘எஸ்எஸ் 304’ என்று மட்டும் இருந்தது. நிறுவனப் பெயரோ ஐஎஸ்ஐ முத்திரையோ இல்லை.

304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த எஃகு. 18/8 என்று பொறிப்பதும் இதைத்தான். விலை குறைந்த 201, 202 ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். வெறும் தண்ணீருக்கு அவை தாங்கும். உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ மணிக்கணக்கில் நின்றால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

கொதிநீர் ஊற்றிச் சிறிது நேரம் கழித்துத் தொட்டேன். வெளிப்புறம் சுடவில்லை. அப்படியானால் இரட்டைச் சுவர் பிளாஸ்க். இதில்தான் கவனம் வேண்டும். எண் பொறித்திருப்பது வெளிச்சுவரில். தண்ணீர் தொடுவது உள்சுவரை. இரண்டும் ஒரே ரகமாக இருக்க வேண்டியதில்லை. நேர்மையான தயாரிப்பாளர் ‘உள்ளே 304, வெளியே 201’ என்று பெட்டியில் பிரித்தே போடுவார்.

காந்தம் இங்கே உதவாது. 304, 201 இரண்டிலுமே அது ஒட்டாது. வளைத்து அழுத்திய கழுத்துப் பகுதியில் இரண்டிலுமே லேசாக இழுக்கும். பழைய ஸ்டீல் வாங்கும் கடைகளில் ஒரு சோதனைத் திரவம் இருக்கும். அதில் ஒரு சொட்டு விட்டு பேட்டரி முனையை வைப்பார்கள். மாங்கனீஸ் மிகுந்த எஃகானால் சட்டென்று சிவக்கும். அது அமிலம், உள்ளே விடக் கூடாது. அடிப்பக்கத்தில் விட்டுப் பார்த்தோம், சிவந்தது. கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே பொய் எண் என்றால் உள்சுவரை எதை வைத்து நம்புவது? அந்தப் பாட்டிலுக்குத் தண்ணீர் மட்டும்தான் என்று முடிவு செய்தேன்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையையே தேடுங்கள். மேலே ஐஎஸ் 17526 என்றிருந்தால் வெற்றிட பிளாஸ்க், 17803 என்றால் குடிநீர் பாட்டில். கீழே உள்ள சிஎம்/எல் உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும்.

அடுத்தது மூடி. உட்புறம் முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிபுரொப்பிலீன், சூட்டுக்குப் பயமில்லை. 7 என்பது ‘மற்றவை’; பாலிகார்பனேட்டாகவும் இருக்கலாம் என்பதால் அதில் நான் சூடாக எதுவும் ஊற்றுவதில்லை. வாஷரைக் கழற்றி வெந்நீரில் போட்டு முகருங்கள். நல்ல சிலிக்கோனில் ரப்பர் வாடை அடிக்காது. ஸ்டீல் தகடு பதித்த மூடியை உதறும்போது பழுப்பு நீர் கசிந்தால் தகட்டுக்குப் பின்னால் அழுக்கு தேங்கியிருக்கிறது. அங்கே எந்தப் பிரஷும் போகாது, மூடியையே மாற்ற வேண்டும்.

பிளாஸ்க்கின் அடித்தகடு கழன்றால் உள்ளே சாம்பல் நிறப் பொட்டு தெரியலாம். வெற்றிடத்தை அடைக்க வைக்கும் பற்று அது. அதில் ஈயம் இருக்கக்கூடும். தங்கள் பாட்டில்களில் இருப்பதை 2024இல் ஸ்டான்லி நிறுவனமே ஒப்புக்கொண்டது. தகடு மூடியிருக்கும்வரை அது தண்ணீரையோ கையையோ தொடாது. கழன்றுவிட்டால் பசை போட்டு ஒட்டிக் குழந்தையின் பள்ளிப் பையில் வைக்காதீர்கள். அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள்.