எதிர்மறை வினையடையும் ஆங்கிலச் சொல்முறை மாற்றமும்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் தொடக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் அலுவலர் ஒருவர், ‘கேரளா ஹேட் நெவர் பில்ட் எ டெக்னாலஜி பார்க் பிஃபோர்’ என்று எழுதுவதாகக் கொள்வோம். இது பிழையற்ற வாக்கியம். புதுமையை வலியுறுத்த விரும்பினால் ‘நெவர் பிஃபோர்’ என்பதை முதலில் வைக்கலாம். அப்போது துணைவினை எழுவாய்க்கு முன் வந்தாக வேண்டும்: ‘நெவர் பிஃபோர் ஹேட் கேரளா பில்ட் எ டெக்னாலஜி பார்க்’. ‘நெவர் பிஃபோர் கேரளா ஹேட் பில்ட்’ என்பது பிழை.

தமிழர் இங்கே இடறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘ஒருபோதும்’ என்பது வாக்கியத்தின் முதலில் வந்தாலும் நடுவில் வந்தாலும், வினை இறுதியிலேயே நிற்கும். பழைய ஆங்கிலத்திலோ, ஒரு சொல் முதலிடம் பெற்றால் அதனை அடுத்து வினை வருவது பெருவழக்காக இருந்தது. ஜெர்மன் மொழியில் அம்முறை இன்றும் நிலைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் மறைந்து, எதிர்மறை வினையடைகளுக்குப் பின்னும் வேறு சில இடங்களிலும் மட்டுமே எஞ்சியது.

வாக்கியத்தில் துணைவினை இல்லாவிடில் ‘டூ’ என்பதன் உரிய வடிவத்தைச் சேர்க்க வேண்டும். ‘த கமிட்டி செல்டம் மெட்’ என்பது ‘செல்டம் டிட் த கமிட்டி மீட்’ என்றாகும். காலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொள்வதால் ‘மெட்’ என்பது ‘மீட்’ என மூலவடிவம் பெறுகிறது. ‘டிட் த கமிட்டி மெட்’ என்று எழுதினால் இறந்தகாலம் இருமுறை வந்துவிடும்.

‘ஹார்ட்லி’ இரு நிகழ்ச்சிகளை இணைக்கும்போது மற்றொரு கவனமும் தேவை. வேலை தொடங்கிய மறுகணமே மழை வந்தது என்பதை ‘ஹார்ட்லி ஹேட் த வொர்க் பிகன் வென் த ரெயின் கேம்’ என எழுத வேண்டும். முந்திய நிகழ்ச்சி ‘ஹேட்’ பெறும். பிந்தியது எளிய இறந்தகாலத்தில் அமையும். இடையில் வருவது ‘வென்’. ‘நோ சூனர்’ என்று தொடங்கினால் மட்டுமே ‘தேன்’ வரும். இவ்விரண்டையும் கலந்து எழுதுவது பரவலான பிழை.

இவ்விதிக்கு எல்லையும் உண்டு. ‘ஹார்ட்லி எனிஒன் கேம்’ என்பதில் ‘ஹார்ட்லி’ எழுவாயின் பகுதியாகிய ‘எனிஒன்’ என்பதையே தழுவுகிறது. எனவே மாற்றம் இல்லை. வினையை, அதாவது வாக்கியம் முழுவதையும், எதிர்மறையாக்கும் அடை முதலில் வரும்போதே இடம் மாறும். ஐயம் எழுந்தால் அடையை வாக்கியத்தின் நடுவே திருப்பி வைத்துப் பார்க்கலாம். ‘கமிட்டி செல்டம் மெட்’ என்பதுபோல் இயல்பாக அமைந்தால், அதை முன்னே கொண்டுவரும்போது மாற்றம் தேவை. ‘எனிஒன் ஹார்ட்லி கேம்’ என்பது அவ்வாறு அமைவதில்லை.

இவ்வமைப்பு அழுத்தம் தருவது. ஓர் அறிக்கையில் பத்திக்குப் பத்தி வந்தால் எந்தச் செய்தி முதன்மையானது என்பதே தெரியாமற் போகும். கழக்கூட்டத்து அறிக்கையில் அதற்குரிய இடம், இதற்குமுன் நிகழாதது நிகழ்ந்ததைக் கூறும் அந்த ஒரு வாக்கியமே. மற்றவற்றுக்கு வழக்கமான வரிசையே போதும்.