கடலூருக்கு 4 எழுத்து, திருப்பாதிரிப்புலியூருக்கு 11

சிதம்பரத்தில் நாலாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகன், லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஊருக்கு அனுப்ப ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனபோது பெயர்ப்பலகையைப் பார்த்து "திருப்பதி" என்றான். பலகையில் இருந்தது திருப்பாதிரிப்புலியூர். முதல் மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்திருக்கிறான். அன்றிலிருந்து தினமும் போனில் கால் மணி நேரம் சத்தமாக வாசிக்க வைக்கிறேன். அதில் பிடிபட்டவை இவை.

1. புத்தகத்தை எடை பார்த்து எடுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் 20 சொல் வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தவறினால் அது தனியாக வாசிக்க ஏற்றது. இரண்டு தவறினால் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ போனால் மூடி வைத்துவிட்டுச் சின்னதாக வேறொன்று தேடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாகப் பிரித்து, இலவசமாகவே கிடைக்கின்றன.

2. நம்ம ஊர் எழுத்தாளர் என்பதற்காகப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள். புதுமைப்பித்தன் 1906-இல் இதே திருப்பாதிரிப்புலியூரில்தான் பிறந்தார், ஆனால் அவர் கதைகளில் பல நெல்லைப் பேச்சில் நடக்கின்றன. 1934-இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் பாத்திரங்களோ பல இடங்களில் சென்னைத் தமிழ் பேசும். பேச்சுவழக்கை எழுத்தில் பார்த்தால் சின்னப் பிள்ளை திணறும். பெரியவர்கள் வாசித்துப் பழக இவை அருமையானவை.

3. மனப்பாடப் பாட்டு வேண்டாம். திருவருட்பாவைக் கேட்டே வளர்ந்த பிள்ளை, புத்தகத்தைப் பார்க்காமலே கடகடவென்று சொல்லும். சந்தேகமாக இருந்தால் வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் சொல்ல முடிகிறதென்றால், அது வாசிப்பு இல்லை.

4. ஒரே பத்தியை நாலு நாள் வாசிக்க வையுங்கள். முதல் நாள் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக. நீளச் சொல்லில் முட்டினால் பென்சிலால் திருப்/பாதிரிப்/புலியூர் என்று கோடு போட்டுக் கொடுங்கள். திக்கினால் உடனே பாயாமல் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். பாதி நேரம் தானே திருத்திக்கொள்ளும்.

5. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் அது ஏமாற்றும். கடலூர் ஒரு சொல், 4 எழுத்து. திருப்பாதிரிப்புலியூரும் ஒரு சொல்தான், 11 எழுத்து. புணர்ச்சியில் ஒட்டிய சொற்கள் இன்னும் குழப்பும். அதனால் எழுத்தை எண்ணுங்கள், மெய்யெழுத்தையும் சேர்த்து. ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம்: மூன்று வரியை எண்ணி, சராசரியை வரிகளால் பெருக்கினால் போதும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். வரிக்கு 22 எழுத்து. முதல் நாள் ஒரு நிமிடத்தில் 8 வரி, அதாவது 176. தவறிய ஆறு சொல்லில் 31 எழுத்து போக, மிச்சம் 145. தவறு என்றால் மாற்றிச் சொன்னது, விட்டது, நாம் எடுத்துக்கொடுத்தது. தானே திருத்தியது தவறில்லை. பேச்சிலேயே ழகரம் ளகரமாக வரும் பிள்ளைக்கு அதைத் தவறாகக் குறிக்காதீர்கள். அது உச்சரிப்பு, தனியாகப் பழக்கலாம்.

6. நாலாம் நாள் அதே பத்தியில் 210 வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். ஞாயிற்றுக்கிழமை அதே அளவு கடினமான புதுப் பத்தியைக் கொடுத்தால் 152! பழகிய பத்தியின் வேகம் அந்தப் பத்தியோடு சரி. ஆகவே காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். எங்களுக்கு ஆறாவது ஞாயிறு 225.

7. வேகம் ஏறியதும் "என்ன நடந்தது, உன் பாணியில் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால் ஸ்டாப்வாட்சை இரண்டு வாரம் ஒளித்துவையுங்கள். முற்றுப்புள்ளியில் நின்று, கேள்விக்குறியில் குரல் உயர்கிறதா என்று போனில் பதிவு செய்து பிள்ளையையே கேட்கச் செய்யுங்கள்.

8. இரண்டு மாதமாகியும் எண் அசையவில்லையென்றால் பத்தியை விட்டுவிட்டு உயிர்மெய் அட்டையை எடுங்கள். வரிசையாகக் கேட்காமல் கலைத்துக் கேளுங்கள். எங்கள் பையனுக்கு ணை, னை, றை மூன்றும்தான் தகராறு. அதோடு கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

போன வாரம் ரயிலில் புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று சிதம்பரம் வரை ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டே வந்தான். பரங்கிப்பேட்டையில் மட்டும் ஒருமுறை திக்கினான்.