கேட்லாக் இருக்கட்டும், ஆர்டர் இப்போது வேண்டாம்

தொழில் செய்யும் குழுக்களைத் தேடி மெஷின் கம்பெனி ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டத்துக்கே வந்து விடுகிறார்கள். வந்தவரை விரட்டவும் மனசு வராது, வாங்கவும் முடியாது. என்ன சொல்லி அனுப்புவது என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம். (விற்பனைக்கு வருகிறவரையும் பிரதிநிதி என்றுதான் சொல்கிறார்கள். நம் குழுப் பிரதிநிதியோடு குழப்பம் வராமல் இருக்க, இங்கே அவரை 'விற்பனையாளர்' என்றே சொல்வோம்.)

மசாலாப் பொடி செய்யும் ஒரு குழுவை எடுத்துக் கொள்வோம். வாரம் 25 கிலோ அரைக்கிறார்கள். டவுன் மில்லில் கிலோவுக்கு 20 ரூபாய் அரவைக் கூலி. வாரத்துக்கு 500, மாதத்துக்குச் சுமார் 2,000 ரூபாய். அரவை மெஷின் விற்பவர் வருகிறார். விலை 62,000 ரூபாய். "இன்னைக்கு 5,000 அட்வான்ஸ் கொடுத்தா இந்த விலை, நாளைக்குக் கிடைக்காதும்மா" என்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சமாகும் கூலி மாதம் 2,000 என்றால், 62,000 ரூபாய் திரும்பி வர 31 மாதம் ஆகும். கரண்டு பில்லும் ரிப்பேர் செலவும் இதில் சேரவில்லை. ஆகவே இப்போது வேண்டாம். ஆனால் ஆர்டர் கூடி வாரம் 50 கிலோ ஆனால் அதே மெஷினுக்கு 15, 16 மாதம் போதும். அன்றைக்கு இந்தக் கேட்லாக் தேவைப்படும். அதனால்தான் அதை வாங்கி வைத்துக் கொள்ளச் சொல்கிறோம்.

சொல்கிற விதத்தில்தான் நம்மில் பலர் மாட்டிக் கொள்கிறோம். "விலை ஜாஸ்தியா இருக்கே" என்றால் அவர் உடனே இரண்டாயிரம் குறைப்பார். பேச்சு பேரத்தில் இறங்கிவிடும், பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. "வீட்டுக்காரரைக் கேட்கணும்" என்றால் சாயங்காலம் வீட்டுக்கே வந்து அவரிடம் பேசுவார். முடிவு குழுவுடையது, வீட்டுக்காரருடையது அல்ல. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பது அவர் காதில் பாதி சம்மதமாகத்தான் விழும். அடுத்த மாதம் கட்டாயம் வந்து நிற்பார்.

ஊக்குநர் ஒருவரே பேசட்டும். இப்படிச் சொல்லலாம்: "வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க சார், மோர் சாப்பிடுங்க. இப்போ மெஷின் வாங்குற நிலையில நாங்க இல்லை. கேட்லாக் ஒண்ணு கொடுத்துட்டுப் போங்க, எங்க ஃபைல்ல இருக்கும். வாங்குறதா இருந்தா மூணு கம்பெனி கொட்டேஷன் வாங்கி, கூட்டத்துல தீர்மானம் போட்டுத்தான் வாங்குவோம். அப்போ உங்களையும் கேட்போம். அதுவரைக்கும் நாங்களே கூப்பிடுறோம்." முதலில் 'இப்போ இல்லை', பிறகுதான் கேட்லாக். வரிசை மாறினால் ஆசை இருக்கிறது என்று நினைத்துக் கொள்வார். நிஜமாகவே கேட்க எண்ணம் இல்லையென்றால் கேட்லாக்கும் வாங்காதீர்கள். அவரும் பிழைப்புக்கு நடக்கிறவர்தான், வீணாகக் காத்திருக்க வைக்க வேண்டாம்.

"ஒரு காப்பிதான் இருக்கு" என்பார் சிலர். குழு போனுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். உறுப்பினர்களின் நம்பர்களைத் தர வேண்டாம், குழு நம்பர் ஒன்று போதும்.

"வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்து" என்று தாள் நீட்டினால் நின்று படியுங்கள். வந்து போனதற்கான தாளில் பெயர், ஊர், தேதிதான் இருக்கும். மாடல், எண்ணிக்கை, அட்வான்ஸ், டெலிவரி தேதி என்று கட்டங்கள் இருந்தால் அது ஆர்டர் ஃபாரம். அதில் கையெழுத்தும் வேண்டாம், குழு முத்திரையும் வேண்டாம். ஆதார் நகலும் தரக் கூடாது.

வாங்கிய கேட்லாக்கைப் பரண் மேல் போட்டுவிட்டால் பயனில்லை. அவர் கிளம்பும் முன்பே பின்னட்டையில் நான்கு விஷயம் எழுதிக் கொள்ளுங்கள்: வந்த தேதி, அவர் பெயரும் போன் நம்பரும், எந்த மாடல், வாயால் சொன்ன விலை. அந்த விலையில் ஜி.எஸ்.டி., லாரி வாடகை, மாட்டித் தரும் கூலி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு அவரையே எழுதச் சொல்லுங்கள். வரி தனி, வாடகை தனி என்று பிறகு தெரிய வந்தால் 62,000 என்பது 62,000 ஆக நிற்காது.

மோட்டாரையும் பாருங்கள். "வீட்டுக் கரண்டுலயே ஓடும்" என்று வாயால் சொல்லியிருப்பார், கேட்லாக்கில் 5 ஹெச்.பி., த்ரீ ஃபேஸ் என்று அச்சாகி இருக்கும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் அதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வேறு கம்பெனியோடு ஒப்பிடும்போது உதவும்.

ஃபைலில் தேதி வரிசையாகக் குத்தி வைத்தால் போதும். ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது விலையை மட்டும் நம்பாதீர்கள், அது மாறியிருக்கும். போன் போட்டு, புது கொட்டேஷனை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

நடுவில் அவரே போன் செய்தால் அதே பதில்தான்: "கேட்லாக் பத்திரமா இருக்கு சார், இன்னும் தீர்மானம் போடலை."