இறக்குமதி செய்த முப்பரிமாண மாதிரியுரு சிறுத்தும் சரிந்தும் தலைகீழாகியும் தோன்றுவது ஏன்?

மாணவர்களே, ஒரு மென்பொருளில் சரியாக அமைத்த முப்பரிமாண மாதிரியுருவை இன்னொரு மென்பொருளில் திறக்கும்போது மூன்று வகையான பிழைகள் தோன்றலாம். உரு மிகச் சிறிதாகத் தெரியலாம். நிற்க வேண்டியது படுத்துக் கிடக்கலாம். அல்லது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறியிருக்கலாம். இம்மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறானவை. ஆகவே திருத்தும் முறைகளும் வெவ்வேறானவை. எது எந்தக் காரணத்தால் வந்தது என்பதை இனங்காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கோப்பில் இருப்பவை எண்களே

மாதிரியுருக் கோப்பின் முக்கிய பகுதி உச்சிகளின் ஆள்கூறுகளாகும். (2, 0, 1) என்று எழுதப்பட்டிருப்பின் 2 என்பது மீற்றரா மில்லிமீற்றரா என்பதும், மூன்றாவது எண் மேல்நோக்கியதா முன்நோக்கியதா என்பதும் அந்த எண்களில் இல்லை. STL கோப்பில் அலகு பதியப்படுவதில்லை. எனவே திறக்கும் மென்பொருள் தனது வழக்கப்படியே பொருள் கொள்கிறது. FBX போன்ற சில வகைக் கோப்புகள் அலகையும் அச்சையும் பற்றிய குறிப்பைத் தம்முடன் கொண்டு செல்லும். எனினும் அக்குறிப்பை எழுதும் மென்பொருளும் வாசிக்கும் மென்பொருளும் அதனை ஒரே விதமாகக் கையாண்டாலே பயன் உண்டு.

மூன்று மென்பொருள்களின் வழக்கங்களை நினைவிற் கொள்க.

- பிளென்டர்: மீற்றர், Z மேல்நோக்கியது, வலக்கை முறை.
- மாயா: சென்ரிமீற்றர், Y மேல்நோக்கியது, வலக்கை முறை.
- யுனிற்றி: மீற்றர், Y மேல்நோக்கியது, இடக்கை முறை.

வலக்கை முறையைக் கையாலேயே அறியலாம். வலக்கையின் பெருவிரலை X ஆகவும், சுட்டுவிரலை Y ஆகவும், நடுவிரலை Z ஆகவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டுக. இவ்வாறே இடக்கையையும் நீட்டுக. இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் ஒரே திசையில் வைத்தால் நடுவிரல்கள் எதிரெதிராக நிற்கும். எப்படித் திருப்பினாலும் மூன்று விரல்களையும் ஒருங்கே பொருத்த முடியாது.

2. உதாரணம்: ஒரு பெயர்ப்பலகை

பிளென்டரில் 2 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் உடைய பெயர்ப்பலகை ஒன்றை அமைத்துள்ளோம். அதன் கீழ் இடது மூலை (0, 0, 0) ஆகும். மேல் வலது மூலை (2, 0, 1) ஆகும். எழுத்துகள் உள்ள முகம் −Y திசையை, அதாவது முன்புறத்தில் நிற்பவரை, நோக்கியுள்ளது.

(அ) சிறுத்துத் தோன்றல்

இதனை STL ஆகச் சேமித்து, முப்பரிமாண அச்சுப்பொறிக்கான ஸ்லைசர் மென்பொருளில் திறக்கிறோம். கோப்பில் அகலம் 2 என்றே உள்ளது. ஸ்லைசர்கள் பொதுவாக மில்லிமீற்றரையே கொள்வதால் பலகை 2 மில்லிமீற்றர் அகலமாகி, ஒரு புள்ளிபோலத் தெரியும்.

இங்கு ஊகித்து இழுத்துப் பெரிதாக்குதல் கூடாது. உண்மை அளவைத் தோன்றும் அளவால் வகுத்து விகிதத்தைக் காண்க. 2000 ÷ 2 = 1000 ஆகும். விகிதம் 1000 எனின் மீற்றர் மில்லிமீற்றராக வாசிக்கப்பட்டுள்ளது. 100 எனின் மீற்றர் சென்ரிமீற்றராகவும், 25.4 எனின் அங்குலம் மில்லிமீற்றராகவும் வாசிக்கப்பட்டுள்ளது. விகிதம் இவற்றுள் எதுவுமின்றி 1.37 போன்று வந்தால் அலகைக் குறைகூறுவதற்கு முன் பொருளின் சொந்த அளவுமாற்றத்தைப் பார்க்க. பிளென்டரில் அப்பொருளின் Scale 1 ஆக இல்லாவிடின், ஏற்றுமதிக்கு முன் Ctrl+A அழுத்தி Scale என்பதைத் தெரிவு செய்து 1 ஆக்குவது நல்லது.

(ஆ) சரிந்து கிடத்தல்

அதே எண்களை மாற்றமின்றி மாயா வாசித்தால் (2, 0, 1) என்பதில் உயரம் Y = 0 ஆகிவிடும். முன்பு உயரமாக இருந்த 1 இப்போது Z வழியே பார்ப்பவரை நோக்கி நீளும். பலகை முகங்குப்புறத் தரையில் கிடக்கும். சரியாக 90 பாகை சரிந்திருப்பதே இப்பிழையின் அடையாளம். X அச்சைப் பற்றி −90 பாகை சுழற்றினால் இது திருந்தும்:

```
(x, y, z) → (x, z, −y)
(2, 0, 1) → (2, 1, 0)
```

உயரம் 1 மீண்டும் மேல்நோக்கியதாகிவிட்டது. −Y ஐ நோக்கிய எழுத்து முகம் +Z ஐ, அதாவது பார்ப்பவரை, நோக்குகிறது. பிளென்டரின் ஏற்றுமதிச் சாளரத்தில் Forward, Up என்னும் தெரிவுகள் இம்மாற்றத்தையே செய்கின்றன.

(இ) இடம் வலம் மாறல்

சிலர் குறுக்குவழியாக Y, Z ஆகிய இரண்டையும் இடம் மாற்றுவர். அதாவது (x, y, z) → (x, z, y). மூலை (2, 1, 0) ஆகவே வரும். பலகையும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் எழுத்து முகம் இப்போது −Z ஐ நோக்குகிறது. மாயாவில் பின்புறம் சென்று பார்த்தால் X இடப்பக்கமாக வளர்வதால் எழுத்துகள் வலமிருந்து இடமாகத் தலைமாறித் தெரியும். குறி மாற்றாமல் ஈரச்சுகளை இடம் மாற்றுவது சுழற்சியன்று, தெறிப்பாகும்.

ஆனால் இதே இடமாற்றம் யுனிற்றிக்குச் சரியானது. இடக்கை முறையில் Z பார்ப்பவரை விட்டு விலகிச் செல்வதால் −Z ஐ நோக்கிய முகம் பார்ப்பவரையே நோக்கும். எழுத்துகளும் நேராக இருக்கும். எனவே ஒரு சூத்திரம் சரியா பிழையா என்பது சென்று சேரும் மென்பொருளின் கையைப் பொறுத்தது.

தெறிப்பை எத்தனை முறை சுழற்றினாலும் திருத்த முடியாது. ஓர் அச்சின் குறியை மட்டும் மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றியபின் முகங்கள் உட்புறம் வெளிப்புறமாகி, உருவில் ஓட்டைகள் போலத் தோற்றலாம். அப்படியாயின் பிளென்டரின் Edit Mode இல் Recalculate Outside என்பதைப் பயன்படுத்துக.

சமச்சீரான பொருள்களில் இப்பிழை கண்ணுக்குத் தெரியாது. நாற்காலி சரியாகவே தோன்றும். ஆனால் கதவின் கைப்பிடியோ வாகனத்தின் சுக்கானோ மறுபக்கம் போயிருக்கும். ஆகவே முதலில் ‘க’ என்னும் எழுத்துடன் 1 மீற்றர் உயரமான பரிசோதனைப் பலகை ஒன்றை அனுப்பிப் பார்க்க. உயரம் அலகையும், நிற்கும் விதம் அச்சையும், எழுத்து கையையும் காட்டிவிடும்.

கவனிக்க: திருத்தத்தை ஏற்றுமதியில் அல்லது இறக்குமதியில், ஓரிடத்தில் மட்டுமே செய்க. இரண்டிலும் −90 பாகை சுழற்றினால் மொத்தம் 180 பாகையாகி, பலகை எழுத்து முகம் மேல்நோக்கியபடி மல்லாந்து தரையில் கிடக்கும். இரண்டிலும் 100 ஆல் பெருக்கினால் 10 000 மடங்காகும்.

மாதிரி வினாக்கள்

1. 1.8 மீற்றர் உயரமான மனித உரு ஸ்லைசரில் 1.8 மில்லிமீற்றராகத் தெரிகிறது. அதனை 180 மில்லிமீற்றர் உயரத்தில் அச்சிட எத்தனை மடங்காக்க வேண்டும்?

2. ஒரு பெயர்ப்பலகை படுத்துக் கிடக்கிறது. ஆனால் எழுத்துகள் சரியாக வாசிக்கப்படுகின்றன. தெறிப்புத் திருத்தம் தேவையா?

3. எழுத்துகள் இடம் வலம் மாறிய பலகையை ஒரு மாணவர் Y அச்சைப் பற்றி 180 பாகை சுழற்றினார். பிழை நீங்கவில்லை. காரணம் யாது?

விடைகள்

1. 180 ÷ 1.8 = 100 மடங்கு. முழு அளவுக்கு 1000 மடங்கு வேண்டும். இங்கு பத்தில் ஒரு பங்கு அளவே கேட்கப்பட்டுள்ளது.

2. தேவையில்லை. மேல்நோக்கிய அச்சு மட்டுமே வேறுபட்டுள்ளது. 90 பாகைச் சுழற்சி போதுமானது.

3. சுழற்சி பொருளின் கையை மாற்றாது. பலகை மறுபக்கம் திரும்பியதேயன்றி எழுத்துகள் தெறித்தபடியே உள்ளன. ஓர் அச்சின் குறியை மாற்ற வேண்டும்.